ஊற்றுக்குடியின் குடம்: கற்பனை நாட்டுக்குப் பிறப்புப் பாட்டும் இறப்புப் பாட்டும் அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதைக்காக ஒரு வாத்தியம் உருவாக்க வேண்டும். பெயரில் தொடங்குவதா, வடிவத்தில் தொடங்குவதா?

இரண்டிலும் வேண்டாம். அந்த ஊரில் எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதில் தொடங்குங்கள். மரம் இல்லாத ஊரில் யாழ் இருக்காது. மாடு வளர்க்காத ஊரில் தோல் வாத்தியம் அரிதாக, விலை உயர்ந்ததாக இருக்கும்.

நான் எழுதிவரும் கதையின் நாடு வைகைக்கரையில் இருந்து வந்தது. கோடையில் ஆற்றைக் கடந்தால் காலுக்குக் கீழே மணல்தான். அந்த மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். செம்பு செம்பாக இறைத்துக் குடத்தை நிரப்ப வேண்டும். என் கதை மக்களுக்கு ஊற்றுக்குடியார் என்று பெயர் வைத்தேன். அவர்களிடம் களிமண் நிறைய இருக்கிறது, தண்ணீர் குறைவாக இருக்கிறது. ஆகவே அவர்களுடைய வாத்தியம் குடம். இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரு குடத்தைப் பற்றியதுதான். பத்து வாத்தியங்களுக்குப் பெயர் சூட்டுவதைவிட ஒன்றைக் கடைசிவரை யோசித்துப் பார்ப்பது கதைக்கு அதிகம் உதவுகிறது என்று கண்டிருக்கிறேன்.

பிறப்புக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று வாத்தியங்களைப் பிரித்துவிட்டால் எளிதல்லவா?

எளிதுதான். நம் ஊரிலும் பெருமளவு அப்படித்தான் இருக்கிறது. நாகசுரமும் தவிலும் கேட்டால் கல்யாண வீடு என்று நினைக்கிறோம். சங்கும் சேகண்டியும் சேர்ந்து கேட்டால் தெருவில் யார் தவறினார்கள் என்று கேட்கிறோம். பழைய காலத்திலும் இந்தப் பிரிவு உண்டு. புறநானூற்றின் 194ஆம் பாடலில் ஒரு வீட்டில் சாவுக்குரிய நெய்தற்பறை ஒலிக்கிறது, மற்றொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது. அவ்வளவு அருகில் இரண்டையும் வைத்ததனால்தான் அந்தப் பாட்டு இன்றும் நெஞ்சை அழுத்துகிறது.

ஆனால் கற்பனை நாட்டில் இப்படிப் பிரித்துவிட்டால், வாத்தியத்தின் பெயரைப் படித்த உடனேயே வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஒரே வாத்தியம் இரண்டு வீட்டுக்கும் போகும்போதுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவர் கேட்கத் தொடங்குகிறார். ஊற்றுக்குடியில் வீட்டுக்கு ஒரு குடம். தினமும் தண்ணீர் பிடிப்பதும் அதில்தான், பிள்ளை பிறந்தால் வாசிப்பதும் அதைத்தான், ஆள் போனால் வாசிப்பதும் அதைத்தான்.

ஒரே குடம் எப்படி இரண்டையும் சொல்லும்?

குடத்துக்கு இரண்டு குரல்கள் இருக்கின்றன. வாயை உள்ளங்கையால் அல்லது தட்டையான பட்டையால் அடித்தால் உள்ளே அடைந்திருக்கும் காற்று அதிர்ந்து ‘பும்’ என்று வருவது ஒரு குரல். வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர் எழுப்புவது இதைத்தான். வயிற்றுப் பக்கத்தை விரலால் தட்டினால் மண்சுவர் அதிர்ந்து ‘டிங்’ என்று வருவது இன்னொன்று. கச்சேரியில் கடம் வாசிப்பவரின் விரல்களில் பெரும்பாலும் கேட்பது இது. வெறும் குடத்தில் வாய்க்குரல் தாழ்ந்தும் சுவர்க்குரல் உயர்ந்தும் இருக்கும்.

இனி தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய வாய்க்குரல் மேலே ஏறும். அதே தண்ணீர் சுவரோடு ஒட்டிக்கொண்டு அதற்குப் பாரம் கூட்டுவதால் சுவர்க்குரல் கீழே இறங்கும். நிரப்பும்போது இரண்டு குரல்களும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. வடியும்போது ஒன்றை ஒன்று விட்டு விலகுகின்றன. ஊற்றுக்குடியார் பிறப்பில் கேட்பது நெருக்கத்தை, இறப்பில் கேட்பது விலகலை. இந்தப் பொருளை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. குடமே கொடுத்தது.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் ஊதிப் பாருங்கள், பிறகு கரண்டியால் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஊதும் ஒலி ஏறும், தட்டும் ஒலி இறங்கும். ஐந்து நிமிடம் போதும்.

அளவுகளோடு சொல்ல முடியுமா? எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு ஏறும்?

கதைக்காக நான் கணக்கிட்ட குடம் எட்டு லிட்டர் கொள்ளும். வாயின் அகலம் 10 சென்டிமீட்டர், கழுத்தின் உயரம் 2 சென்டிமீட்டர். வெறும் குடத்தின் வாய்க்குரல் சுமார் 175 ஹெர்ட்ஸ். ஓர் ஆண் சிரமமில்லாமல் முனகும் சுருதி அது.

இத்தகைய ஒலியை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் ஒரு விதி இருக்கிறது. நமக்கு வேண்டிய அளவில் அது எளியது: காற்றுக்கு இருக்கும் இடம் கால்பங்காகக் குறைந்தால் சுருதி இரண்டு மடங்காகும். எட்டு லிட்டர் குடத்தில் ஆறு லிட்டர் ஊற்றினால் காற்றுக்கு இரண்டு லிட்டர் இடம் மிஞ்சும். கீழ் ஸட்ஜத்தில் இருந்த குரல் அப்போது மேல் ஸட்ஜத்துக்குப் போய்விடும், அதாவது 350 ஹெர்ட்ஸ். அது பெண்குரலின் இடம்.

இந்த ஏற்றம் சீராக இருப்பதில்லை. அரை லிட்டர் செம்பால் பன்னிரண்டு முறை ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். முதல் செம்புக்கு ஏறுவது ஹார்மோனியத்தில் வெள்ளையும் கறுப்பும் சேர்த்து எண்ணினால் அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதிதான். காதுக்கு மாற்றம் அதிகம் தெரியாது. பன்னிரண்டாவது செம்புக்கு ஏறுவது ஏறக்குறைய இரண்டு கட்டைத் தூரம். பாதிக் குடம் நிரம்பும்போது குரல் ஆறு கட்டை ஏறி, ஸவிலிருந்து பிரதி மத்யமத்தில் நிற்கும். அடுத்த இரண்டே லிட்டரில் மீதி ஆறு கட்டையையும் தாண்டிவிடும். ஆறு லிட்டருக்கு மேல் கழுத்தை நெருங்க நெருங்க இந்தக் கணக்கு பொய்க்கத் தொடங்கும். அதனால் ஊற்றுக்குடியார் பன்னிரண்டு செம்போடு நிறுத்திவிடுகிறார்கள்.

பிள்ளை பிறந்த வீட்டில் என்ன நடக்கும்?

பேறு பார்த்த கிழவி வெறும் குடத்தை வாசலில் வைத்து வாயை ஒருமுறை அடிப்பாள். பன்னிரண்டு வீடுகளிலிருந்து ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் வரும். கோடையில் ஒரு செம்பு தண்ணீர் தருவது சின்னக் காரியமில்லை. ஒவ்வொரு செம்புக்கும் ஒரு வரி பாட வேண்டும். வரி முடிந்ததும் வாயில் ஓர் அடி, சுவரில் ஒரு தட்டு.

நான் முதலில் எழுதிய பிறப்புப் பாட்டு அழகான மெட்டில் தொடங்கியது. உண்மையான குடத்தை வைத்துப் பாடிப் பார்த்தபோது அது பொருந்தவில்லை. முதல் நான்கைந்து செம்புக்குச் சுருதி மெதுவாகத்தான் நகர்ந்தது, பாட்டு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகுதான் விளங்கியது: இந்தப் பாட்டு பேச்சாகத் தொடங்கி, கடைசிச் செம்புகளில்தான் மெட்டாக விரிய வேண்டும். பிறந்த பிள்ளையின் குரலும் அந்த வழியில்தானே வருகிறது. பன்னிரண்டாவது செம்பு விழுந்து, வாய்க்குரல் பெண்களின் தொண்டையைத் தொட்டதும் எல்லோரும் குலவையிடுவார்கள். இந்தக் குலவையை நான் அப்படியே நம் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டேன். முளைப்பாரி எடுக்கும் தெருவில் அதைக் கேட்டு வளர்ந்தவன் வேறொன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இறந்த வீட்டில் அதே குடம் என்ன செய்யும்?

நம் சுடுகாட்டில் கொள்ளிக்குடம் உடைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வருவார்கள், சுற்றுக்கு ஒரு துளை இடுவார்கள், கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைப்பார்கள். அந்தத் தண்ணீர் பீறிட்டு வரும் காட்சி என் மனதில் இருந்ததனால்தான் ஊற்றுக்குடியாரின் சடங்கு உருவானது. ஆனால் அவர்கள் குடத்தை உடைப்பதில்லை. உடைந்தால் நாளைக்குத் தண்ணீர் பிடிக்க வழியில்லை.

அவர்கள் குடத்தின் அடியில் ஒரு சிறு துளை இருக்கிறது. வேளார் வனையும்போதே, பச்சை மண்ணில், 4 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டுவிடுவார். சூளையிலிருந்து வந்ததும் தேன்மெழுகால் அடைத்துத்தான் வீட்டுக்குக் கொடுப்பார். ஆகவே பிறப்பில் நிரம்பும் ஒவ்வொரு குடமும் இறப்புக்கான துளையோடுதான் நிரம்புகிறது. அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. இந்த விவரம் அழகுக்காகத் தோன்றியதல்ல. சுட்ட குடத்தில் ஆணி வைத்துத் துளையிட நான் செய்த முயற்சியில் குடம் கழுத்துவரை விரிசல் விட்டது. துளை முன்பே இருந்தாக வேண்டும் என்பது அப்போது தெரிந்தது.

ஆள் போனால் குடத்தில் பன்னிரண்டு செம்பு தண்ணீர் நிரப்பி, முக்காலியில் ஏற்றி, மூத்த மகளோ மகனோ மெழுகைப் பிடுங்குவார்கள். தண்ணீர் கீழே வைத்த மரக்கன்றின் வேரில் விழும். தண்ணீரை வீணாக்கும் சடங்கு அந்த நாட்டில் நிலைக்காது. குடம் முழுவதும் வடிய ஏறக்குறைய பத்து நிமிடம் பிடிக்கும். முதல் இரண்டு லிட்டர் இரண்டரை நிமிடத்தில் போய்விடும். அடுத்த இரண்டுக்கு மூன்று நிமிடம். தண்ணீரின் உயரம் குறையக் குறைய ஓட்டமும் தளர்வதால் கடைசி இரண்டுக்கு நான்கரை நிமிடம்.

சுருதி எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். முதல் இரண்டரை நிமிடத்திலேயே பாதித் தூரம், ஆறு கட்டை, சரிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஏழரை நிமிடம். ஒப்பாரி பாடுகிறவர்களைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. உச்சத்தில் எடுத்த ஓலம் சட்டென்று சரிந்து, பிறகு நெடுநேரம் தாழ்ந்த குரலில் முனகலாக நீளும். ஊற்றுக்குடியில் முதல் வரிகளைப் பெண்கள் பாடுகிறார்கள், ஏனென்றால் குடம் அவர்கள் சுருதியில் இருக்கிறது. குடம் இறங்கிவர, பாட்டு ஆண்களின் வாய்க்கு மாறுகிறது. ஆண்கள் அழக்கூடாது என்று சொல்லும் ஊர்கள் நமக்குத் தெரியும். இந்த ஊரில் அவர்கள் வாய்மூடி நின்றால் சடங்கு பாதியில் நின்றுவிடும்.

துளை இருந்தால் குடத்தின் ஒலி கெட்டுவிடாதா?

தண்ணீர் மேலே நிற்கும்வரை துளை அடைபட்டதற்குச் சமம். எல்லாம் வடிந்த பின்னும் 4 மில்லிமீட்டர் துளை காதுக்குத் தெரியும் மாற்றம் எதையும் செய்யாது. கட்டைவிரல் அளவு துளை என்றால் சுருதி ஒரு கட்டைக்கும் மேல் ஏறிவிடும். அப்படிப் பெரிதாக வைக்காதீர்கள்.

பாட்டின் வரிகளை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி காட்டுவீர்களா?

நம் தாலாட்டில் யார் அடித்ததால் அழுகிறாய் என்று பிள்ளையிடமே கேட்பார்கள். மாமன் கொண்டுவரும் சீரை வரிசையாகச் சொல்வார்கள். ஒப்பாரியில் இறந்தவரை முன்னிலையில் அழைத்து, அவர் இருந்தபோது இருந்த வாழ்வையும் இப்போது வந்த குறையையும் எதிரெதிரே வைப்பார்கள். இரண்டிலும் கேட்பவர் பதில் சொல்ல முடியாதவர். ஒருவர் இன்னும் பேசத் தொடங்கவில்லை, மற்றவர் பேசி முடித்துவிட்டார். அந்த ஒற்றுமையை ஊற்றுக்குடிப் பாட்டுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டேன். பிறப்புப் பாட்டில் தண்ணீர் கொடுத்த வீட்டின் பெயர் வர வேண்டும்:

*மேலத்தெரு வீட்டுச் செம்பு இது, உன் நாவு நனைய.*
*மடையோரத்து வீட்டுச் செம்பு இது, உன் பாதம் நனைய.*
*தண்ணீர் இல்லாத வீட்டுச் செம்பு இது, இரவல் வாங்கி வந்தது,*
*பெரியவளாகித் திருப்பிக் கொடு கண்ணே, பெரியவளாகித் திருப்பிக் கொடு.*

முதல் வரியின் நாவுக்குக் காரணம் உண்டு. தாலாட்டு என்ற சொல்லில் தால் என்பது நாக்கு. நாவசைத்துப் பாடுவதால் அந்தப் பெயர். தண்ணீர் முதலில் நாக்குக்குத்தான் என்று வைத்தபோது சடங்கும் சொல்லும் ஒன்று சேர்ந்தன.

இறப்புப் பாட்டில் அதே வீடுகள் திரும்ப வரும். இம்முறை கொடுப்பவர்களாக அல்ல, வாங்கியவர்களாக:

*மேலத்தெரு வீட்டுக்கு நீ இறைத்த ஊற்று, அம்மா, மணல் மூடிப் போகுதே.*
*மடையோரத்து வீட்டுக்கு நீ நடந்த பாதை, அம்மா, புல் மூடிப் போகுதே.*
*இரவல் செம்பைத் திருப்பிவிட்டாய்,*
*இனி யார் கடன்பட்டு எங்கள் வாசலுக்கு வருவார்?*

பிறந்த நாளில் வாங்கிய கடன் இறந்த நாளில் தீர்கிறது. ஆனால் தீர்ந்ததுதான் துக்கம், ஏனென்றால் கடன் இருக்கும்வரை ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு பாட்டையும் கதையில் அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் பல அத்தியாயங்கள் போகட்டும். ‘இரவல் செம்பு’ என்ற சொல் மட்டும் வாசகர் நினைவில் தங்கியிருந்தால் போதும்.

பிறப்புக்கு நீலாம்பரி, சாவுக்கு முகாரி என்று ராகப் பெயர் போடலாமா?

வேண்டாம். நீலாம்பரியைத் தாலாட்டோடும் முகாரியைச் சோகத்தோடும் சேர்த்துக் கேட்பது நம் பழக்கம். அந்தப் பெயர்கள் வந்தவுடன் வாசகர் சபாவில் உட்கார்ந்துவிடுவார். தவிர, பன்னிரண்டு செம்பு ஏற்றும் சுருதிகளில் பல எந்த ராகத்தின் சுரத்திலும் சரியாக நிற்காது. நழுவிக்கொண்டே இருக்கும்.

யார் வாசிப்பது? சாவு வாத்தியத்துக்கு ஒரு தனிக் குலத்தை உருவாக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் நிதானியுங்கள். நம் ஊர்களில் சாவுக்குப் பறை அடிப்பது ஒரு சாராரின் தலையில் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. கலையாக மதிக்காமல், கூலியும் சரியாகக் கொடுக்காமல், வரமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இல்லாமல் அது நடந்தது. மறுத்து அடிபட்டவர்கள் உண்டு. அதே பறையை விடுதலையின் இசை என்று மேடையில் ஏற்றியவர்களும் உண்டு. பறை கோயில் கொடையிலும் ஆட்டத்திலும் முழங்கும் வாத்தியம். சாவோடு மட்டும் அதைக் கட்டிப்போட்டது நம் குற்றம்.

கற்பனை நாட்டில் ‘பிணத்துக்கு வாசிக்கும் குலம்’ என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துபோனால், அந்தக் கொடுமையை வண்ணம் பூசி வைத்ததாகிவிடும். அப்படி ஒரு குலம் உங்கள் கதையில் இருந்தே தீர வேண்டும் என்றால், வாசிப்பவரின் பக்கம் நின்று எழுதுங்கள். விடியற்காலையில் கதவு தட்டப்படும்போது அவர் என்ன நினைக்கிறார், அவர் வீட்டில் சாவு விழுந்தால் யார் வந்து வாசிக்கிறார்கள் என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும். ஊற்றுக்குடியில் மெழுகைப் பிடுங்குவதும் குடத்தை அடிப்பதும் இறந்தவரின் பிள்ளைகளே. இதை நான் தெரிந்தே முடிவு செய்தேன்.

உண்மையான குடத்தில் செய்து பார்க்க ஆசை. எதில் தவறு வரும்?

வாய் அகன்ற சோற்றுப்பானை, சட்டி இதெல்லாம் உதவாது. கழுத்து குறுகியிருந்தால்தான் வாய்க்குரல் உருண்டு வரும். கடைக்காரர் செய்வதுபோல் முதலில் காய்ந்த குடத்தைத் தட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்றால் நன்றாக வெந்தது. ‘தொப்’ என்று அமுங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது. மானாமதுரைப் பக்கம் கடத்துக்கென்றே மண் பிசைந்து தட்டி வனைகிறார்கள். அது சுவர்க்குரலுக்கு அருமையானது. ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்க்க அத்தகைய கடத்தைப் பயன்படுத்தாதீர்கள், சாதாரணத் தண்ணீர்க்குடம் போதும்.

இன்னொன்று, மண்குடம் தண்ணீரைக் குடிக்கும். ஊறிய சுவரைத் தட்டினால் இறங்க வேண்டிய குரல் இறங்குவதோடு மங்கியும் போகும். முதல் தடவை எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இப்போது அதையும் கதைக்குள் எடுத்துக்கொண்டேன். ஊற்றுக்குடியில் மழைக்காலத்தில் பிறந்த பிள்ளையை ‘மங்கல் குரலோன்’ என்று செல்லமாக அழைப்பார்கள். அவன் பிறந்த அன்று குடம் ஏற்கனவே ஊறிக் கிடந்தது என்பது அதன் பொருள்.

குழந்தை பிறந்து, பாட்டு பாதியில் இருக்கும்போதே இறந்துவிட்டால் அந்த மக்கள் என்ன செய்வார்கள்?

இதை ஒரு வாசகி கேட்டார். பல நாள் யோசித்துத்தான் பதில் எழுதினேன்.

எட்டுச் செம்பு விழுந்திருக்கிறது என்று வையுங்கள். குடம் பாதி நிரம்பி, குரல் நடுவில் நிற்கிறது. மீதி நான்கு வீட்டுக்காரர்கள் தங்கள் செம்பை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். மெழுகைப் பிடுங்கமாட்டார்கள். அந்தப் பிள்ளை யாருக்கும் தண்ணீர் இறைக்கவில்லை, இறப்புப் பாட்டில் சொல்ல அதற்கு ஒரு வரியும் இல்லை.

குடத்தைத் தாயின் அறை நிழலில் வைப்பார்கள். மண்குடம் வியர்க்கும். அதனால்தான் அதில் தண்ணீர் குளிர்கிறது. யாரும் தொடாமலே தண்ணீர் நாளுக்கு நாள் குறையும். தாய் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வாயை அடித்துக் கேட்பாள். சுருதி இறங்குவது அவ்வளவு மெதுவாக இருப்பதால் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் அவள் காதுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்த ஒற்றை அடி கேட்கும். அது கேட்கும் நாள்வரை அவளைத் தண்ணீருக்கு வரச்சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள், அவள் வீட்டுத் தண்ணீரைச் சேர்த்து இறைப்பார்கள். குடம் வற்றி, வாய்க்குரல் பழைய ஆழத்துக்கு வந்த காலையில், அவளே அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊற்றுக்குப் போவாள்.